அப்பா இறந்தபின் வாரிசு சான்றிதழ்: ஏற்காட்டுக் குடும்பம் ஒன்றை வைத்துப் பார்ப்போம்

இது ஒரு கற்பனைக் குடும்பம். அப்பாவுக்கு வீடு ஏற்காட்டில். சேலத்து மருத்துவமனையில் இறந்தார். அவர் பெயரில் நாமினி இல்லாத 4 லட்சம் ரூபாய் எஃப்.டி. இருக்கிறது. மனைவி, ஆத்தூரில் கட்டிக்கொடுத்த மகள், மகன், அப்புறம் அப்பாவைப் பெற்ற பாட்டி.

முதலில் இறப்புச் சான்றிதழ். இறந்த இடம் எதுவோ அங்கேதான் பதிவு, எனவே இது சேலம் மாநகராட்சியில் கிடைக்கும். வாரிசு சான்றிதழுக்கோ அவர் நிரந்தரமாகக் குடியிருந்த ஊர்தான் கணக்கு. அதைத் தருபவர் ஏற்காடு தாசில்தார். பலர் இந்த இடத்தில்தான் குழம்பி, தப்பான தாலுகாவுக்கு மனு போடுகிறார்கள்.

மனுவை இ-சேவை மையத்தில் போடலாம், கட்டணம் 60 ரூபாய். tnesevai.tn.gov.in தளத்தில் நீங்களே போடுவதானால் முதலில் CAN எனும் குடிமக்கள் கணக்கு எண்ணைப் பதிந்துகொண்டு, REV-114 சேவையைத் தேர்ந்தெடுங்கள். இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, எல்லா வாரிசுகளின் ஆதார் வேண்டும். இறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பேங்க் பாஸ்புக்கில் வேறு இனிஷியல் என்றிருந்தால் முன்னதாகவே திருத்திவிடுங்கள். பின்னால் பேங்க் அதைப் பிடித்துக்கொள்ளும்.

வாரிசுப் பட்டியலில்தான் கவனம் தேவை. மகளுக்குக் கல்யாணமாகி ரேஷன் கார்டில் பெயர் போயிருந்தாலும் அவர் வாரிசுதான். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவரின் தாயும் மனைவி, பிள்ளைகளோடு முதல் வரிசை வாரிசு. ஆக நம் கதையில் நான்கு பேர். பாட்டியை விட்டுவிட்டு மூன்று பெயர் போடுவது சர்வ சாதாரணமாக நடக்கிறது. வி.ஏ.ஓ. அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது அது வெளியே வரும், மனு திரும்பும். அவருக்குப் பிறகு வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ. பார்த்து, கடைசியில் தாசில்தார் ஒப்பம். இரண்டாம் கல்யாணம், வாரிசு யார் என்ற சண்டை என்றால் பெரும்பாலும் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

சரி, பேங்க். நாமினி இருந்தால் இந்தச் சான்றிதழே தேவையில்லை. இறப்புச் சான்றிதழும் நாமினியின் அடையாள அட்டையும் விண்ணப்பமும் போதும். ஆனால் நாமினி பணத்தை வாங்கிக்கொள்கிறாரே தவிர, வாரிசுகளின் பங்கு அவருக்குச் சொந்தமாகிவிடாது.

நம் எஃப்.டி.க்கு நாமினி இல்லை. ரிசர்வ் வங்கியின் 2025 விதிப்படி, வணிக வங்கிகளில் 15 லட்சம் வரை எளிய முறை உண்டு: விண்ணப்பம், இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டால் பேங்கின் இழப்பை ஈடுகட்டுவோம் என்று எழுதித் தரும் இழப்பீட்டு உறுதிப் பத்திரம். கூட்டுறவு வங்கிகளில் இந்த வரம்பு 5 லட்சம். பணம் அம்மா கணக்குக்கே போகட்டும் என்றால், மகள், மகன், பாட்டி மூவரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சான்றிதழ் யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்கிறது; யாருக்கு எவ்வளவு என்று சொல்வதில்லை. காகிதம் எல்லாம் சரியாகக் கொடுத்த பின் 15 நாளுக்குள் பேங்க் முடித்துத் தர வேண்டும், எனவே கொடுத்த தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வரம்புக்கு மேலே போனால், வாரிசுரிமைச் சான்றிதழை நீதிமன்றத்தில் வாங்கி வரச் சொல்ல வாய்ப்பு உண்டு. அது தாசில்தார் தருவதல்ல.