வெளியிலிருந்து வீட்டுப் பிரிண்டருக்கு அச்சிட்ட அனுபவம்

அலுவலகத்திலிருந்தபடியே வீட்டுப் பிரிண்டரில் அச்சிட, முதலில் ரௌட்டரில், பிரிண்டர் அச்சுக் கோப்புகளைப் பெறும் 9100 போர்ட்டை வெளியே திறந்துவிட்டேன். அது பலிக்கவில்லை, பலிக்காததும் நல்லதுதான், ஏனெனில் அந்தப் போர்ட் பொதுவாகக் கடவுச்சொல் கேட்காமல் யார் அனுப்பினாலும் அச்சிட்டுவிடும். ரௌட்டரின் WAN முகவரி 100.72 என்று தொடங்கியதைப் பார்த்த பிறகே காரணம் புரிந்தது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், ஒரே வெளிமுகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் இணைப்புகளுக்கு உரியவை. வெளியிலிருந்து அவற்றுக்கு நேர்வழி கிடையாது.

ஆகவே, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், வெவ்வேறு இடங்களில் உள்ள சாதனங்களை ஒரே தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெய்ல்ஸ்கேலை நிறுவி, ஐ.பி. ஃபார்வர்டிங்கை இயக்கி, வீட்டு நெட்வொர்க்குக்கான வழியை அறிவித்தேன்.

```
sudo tailscale up --advertise-routes=192.168.29.0/24
```

நிர்வாகப் பக்கத்தில் அந்த வழிக்கு ஒப்புதல் தர மறந்து அரைமணி நேரத்தை வீணாக்கினேன். மடிக்கணினியிலும் அதே கணக்கில் டெய்ல்ஸ்கேல் ஓட வேண்டும்.

அதன் பிறகும் மேக் மடிக்கணினியின் பட்டியலில் பிரிண்டர் தோன்றவில்லை. பிரிண்டர் தன்னை அறிவிக்கும் சமிக்ஞை வீட்டு நெட்வொர்க்கைத் தாண்டுவதில்லை என்பதால், ரௌட்டரில் அதற்கு 192.168.29.50 என்ற முகவரியை நிலையாக ஒதுக்கி, அதே முகவரியை ஐ.பி.பி. என்ற நெட்வொர்க் அச்சு முறையில் மடிக்கணினியில் கையால் சேர்த்தேன். சில நிமிடங்களில் அம்மா தொலைபேசியில், “யாரும் தொடாமலே தாள் வருதுடா” என்றார்.

வெளியே நாம் இணையும் வைஃபையும் 192.168.29 வரிசையையே பயன்படுத்தினால், கோப்பு அங்கேயே முகவரியைத் தேடி நின்றுவிடும்; அப்போது கைபேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிவிடுகிறேன்.