"ஒரு பாயின்ட்டுக்கு எத்தனை மணி நேரம்?": உற்பத்தி மேலாளருக்கு ஸ்பிரிண்ட் திட்டமிடலைப் புரியவைப்பது எப்படி

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் மென்பொருள் குழுவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு டெவலப்பர், ஒரு டெஸ்டர். துணி குடோனில் வந்து இறங்கும் ரோல்களைக் கணக்கு வைக்க ஒரு மொபைல் ஆப் செய்துகொண்டிருந்தோம். எங்களுக்கு மேலாளராக வந்தவர் இருபது வருடம் தையல் பிரிவை நடத்தியவர். ஒவ்வொரு வேலையின் அளவுக்கும் நாங்கள் போடும் எண்ணைப் பார்த்துவிட்டு முதல் கூட்டத்திலேயே கேட்டார்: "ஏன் தம்பி, இந்த ஸ்டோரி பாயின்ட்ங்கறீங்களே, ஒரு பாயின்ட்டுக்கு எத்தனை மணி நேரம்?"

"நாலு மணி நேரம்னு வெச்சுக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவர் ஒரு கணக்குத் தாளோடு வந்தார். ஐந்து பேர், ஸ்பிரிண்ட் என்று நாங்கள் சொல்லும் ஒரு வேலைச் சுற்றுக்குப் பத்து நாள், நாளுக்கு 8 மணி நேரம். மொத்தம் 400 மணி நேரம். நாலால் வகுத்தால் 100 பாயின்ட். "போன தடவை 20தான் முடிச்சிருக்கீங்க. மீதி 80 எங்கே?" அவர் கணக்கில் பிழையே இல்லை. பிழை நான் கொடுத்த பதிலில் இருந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம் என்பதற்காக, கடைசியில் எது வேலை செய்ததோ அதை வரிசைப்படி எழுதுகிறேன்.

படி 1: அவருடைய கணக்கிலிருந்து தொடங்குங்கள்

தையல் பிரிவில் எல்லாம் 'சாம்' கணக்கில்தான் ஓடும். ஒரு பீஸைத் தைத்து முடிக்க ஆகவேண்டிய நிலையான நிமிடங்கள்தான் சாம். ஒரு டி-ஷர்ட்டுக்கு சாம் 8 என்று வைத்துக்கொள்வோம். லைனில் 30 பேர், ஆளுக்கு 480 நிமிடம் என்றால் 14,400 நிமிடம். எஃபிஷியன்சி 50 சதவீதம் என்றால் கைக்கு வருவது 7,200 நிமிடம். எட்டால் வகுத்தால் நாளுக்கு 900 பீஸ். இந்தக் கணக்கில் வளர்ந்தவருக்கு ஸ்டோரி பாயின்ட் என்றதும் அது மென்பொருளின் சாம் என்று தோன்றுவது இயல்பு. அவர் கேட்ட கேள்வியும் அங்கிருந்துதான் வந்தது.

ஆகவே முதலில் பாயின்ட் என்ன என்று விளக்கப் போகாதீர்கள். சாம் எப்படிக் கிடைக்கிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். நான் கேட்டேன்: "பையர் ஒரு படத்தை மட்டும் அனுப்பியிருக்காருங்க, இதுவரை நாம தைக்காத ஸ்டைல். இப்பவே சாம் சொல்ல முடியுமா சார்?"

"சாம்பிள் போட்டுப் பார்க்காம எப்படிச் சொல்றது?"

நமக்கு வேண்டியது இந்தப் பதில்தான். சாம்பிள் தைத்து, நேரம் அளந்து, அதன்பிறகு அதே பீஸைப் பல்லாயிரம் முறை தைப்பதால்தான் சாமுக்குப் பொருள் இருக்கிறது. மென்பொருளில் இரண்டாவது பீஸ் கிடையாது. பார்கோடு ஸ்கேன் செய்து ரோலை வரவு வைக்கும் வசதியை ஒருமுறை எழுதிவிட்டால் அதையே திரும்ப எழுத மாட்டோம். எங்கள் வேலை முழுக்கச் சாம்பிள் செக்‌ஷன்தான், லைன் கிடையாது. இதைச் சொன்னதும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். சாம்பிள் செக்‌ஷனில் யாரும் நாளுக்கு 900 பீஸ் கேட்பதில்லை என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

படி 2: துணியை வைத்து ஒருமுறை மதிப்பிடச் செய்யுங்கள்

அடுத்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு அளவு சொல்வது. ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டை 2 என்று வைத்துக்கொள்ளச் சொல்லி, போலோவுக்கு எவ்வளவு என்று கேட்டேன். காலர் இருக்கிறது, பிளாக்கெட் இருக்கிறது, பட்டன் இருக்கிறது. யோசிக்காமல் "5" என்றார். ஜிப் வைத்த ஹூடிக்கு "8". புதுவிதமான லைனிங் வைத்த, அவர் தைத்தே பார்க்காத ஒரு ஜாக்கெட்டுக்குத் தயங்கி "13, 20கூட ஆகலாம்" என்றார். நிமிடத்தை அவர் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. வேலையின் அளவு, சிக்கல், தெரியாத பகுதி ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லிவிட்டார். அந்த எண்தான் ஸ்டோரி பாயின்ட்.

1, 2, 3, 5, 8, 13 என்று எண்கள் தாவுவது ஏன் என்ற கேள்வி கட்டாயம் வரும். பெரிய வேலையில் நம் கணிப்பு மங்கலாக இருக்கும். 11ஆ 12ஆ என்று வாதாடுவதில் பயனில்லை. 8ஆ 13ஆ என்று கேட்டால் பேச ஒரு விஷயம் கிடைக்கும். அதற்குமேல் இதை நீட்ட வேண்டாம்.

படி 3: திட்டமிடல் கூட்டத்தில் அவரை உட்காரவைத்து, பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள்

எங்கள் ஸ்பிரிண்ட் இரண்டு வாரம். அதன் தொடக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, இந்த இரண்டு வாரத்தில் எதை முடிக்கப் போகிறோம், ஏன், எப்படி என்று முடிவு செய்வோம். அதுதான் ஸ்பிரிண்ட் திட்டமிடல். எது முதலில் வேண்டும் என்பதைப் புராடக்ட் ஓனர் சொல்வார். எங்களுக்கு அது குடோன் பொறுப்பாளர். எவ்வளவு எடுக்கலாம் என்பதை வேலை செய்பவர்கள் சொல்வார்கள். ஒருவர் சொல்ல வேண்டியதை மற்றவர் சொல்லக் கூடாது. வேலையின் அளவைச் சொல்ல ஒவ்வொருவரும் தன் எண் உள்ள சீட்டைப் போடுவோம். மேலாளரை முன்கூட்டியே தனியாக அழைத்து, "சீட்டு போடும்போது மட்டும் நீங்க எண் சொல்லாதீங்க சார், நீங்க சொன்னா எல்லாரும் அதையே சொல்லிடுவாங்க" என்று கேட்டுக்கொண்டேன். ஒத்துக்கொண்டார்.

அன்று வந்த வேலைகளில் ஒன்று: குடோனில் சிக்னல் இல்லாதபோதும் ரோலை ஸ்கேன் செய்ய முடிய வேண்டும், சிக்னல் வந்ததும் தானாகப் பதிவாக வேண்டும். எங்களுக்கு அளவுகோல், ரோல் எண்ணை வைத்துத் தேடும் வசதி. அதற்கு 2 என்று முன்பே வைத்திருந்தோம். எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்பினோம். மூன்று டெவலப்பர்கள் 5, ஒருவர் 8, டெஸ்டர் 13.

இங்கே சராசரி போடுவது பெரிய தவறு. அதிகம் சொன்னவரையும் குறைவாகச் சொன்னவரையும் பேசவிட வேண்டும். டெஸ்டர் கேட்டார்: "ஒரே ரோலை ரெண்டு பேர் சிக்னல் இல்லாதப்ப ஸ்கேன் பண்ணினா, எதை எடுத்துக்கறது?" டெவலப்பர்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. மேலாளர் அப்போது வாய் திறந்தார்: "ரெண்டு பேர் ஸ்கேன் பண்றது தினம் நடக்கும். லாரி இறங்கறப்ப ஒருத்தர், ரேக்குல வைக்கறப்ப ஒருத்தர்." குடோனை அறிந்தவர் சொன்ன ஒரு வரி, பின்னால் வரவிருந்த ஒரு வாரத் தொல்லையிலிருந்து எங்களைக் காப்பாற்றியது. வேலையை இரண்டாகப் பிரித்தோம். ஸ்கேனைப் போனிலேயே சேமித்துப் பிறகு அனுப்புவது 5. ஒரே ரோலுக்கு இரண்டு பதிவு வந்தால் தீர்ப்பது 8. சீட்டு போடுவதன் பயன் எண்ணைவிட இந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை, அவரே பார்த்துவிட்டார்.

யாருக்குமே எண் சொல்லத் தெரியாத வேலையும் வரும். அதற்குப் பாயின்ட் போடாமல், ஒருவருக்கு ஒன்றிரண்டு நாள் கொடுத்து ஆராயச் சொல்வோம், ஸ்பைக் என்பார்கள். மேலாளரிடம் "சாம்பிள் போடறோம்" என்று சொன்னாலே போதும்.

படி 4: எவ்வளவு எடுப்பது என்பதை அவர் கண்முன் கணக்குப் போடுங்கள்

முந்தைய மூன்று ஸ்பிரிண்ட்டில் நாங்கள் முழுதாக முடித்தது 21, 16, 20. சராசரி 19. இதுதான் வெலாசிட்டி. ஆனால் வரும் ஸ்பிரிண்ட்டில் பொங்கலுக்கு இரண்டு நாள் விடுமுறை, ஒருவர் மேலும் மூன்று நாள் லீவு. ஐந்து பேர், பத்து நாள் என்றால் 50 ஆள்நாள். அதில் 13 போனால் 37. அதாவது சுமார் முக்கால் பங்கு. 19இல் முக்கால் பங்கு 14. எனவே அந்த 5, 8 இரண்டையும் எடுத்தோம். மீதி ஒரு பாயின்ட்டுக்கு ஒரு சின்னத் திருத்தம். அதற்குமேல் ஒன்றும் எடுக்கவில்லை.

படி 5: தேதி கேட்டால் இரண்டு தேதி கொடுங்கள்

மேலாளருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். "எப்ப முடியும்?" என்பது அவர் கேட்டே ஆகவேண்டிய கேள்வி, பாயின்ட் நேரம் இல்லை என்று சொல்லி அதிலிருந்து நழுவக் கூடாது. எங்களுக்கு மொத்தம் 76 பாயின்ட் பாக்கி. இந்த ஸ்பிரிண்ட்டில் 14 போனால் 62. நன்றாக ஓடிய வேகமான 21 என்றால் இன்னும் மூன்று ஸ்பிரிண்ட். மந்தமான 16 என்றால் நாலு. ஆக, இதோடு சேர்த்து எட்டு முதல் பத்து வாரம். "எட்டு வாரத்துல முடிய வாய்ப்பிருக்குங்க, மேலே சொல்றப்ப பத்துன்னு சொல்லுங்க சார்" என்றேன். ஷிப்மென்ட் தேதிக்கு முன் சில நாள் கையில் வைத்துப் பழகியவருக்கு இதில் குழப்பம் இல்லை. நடுவில் புது வேலை சேர்ந்தால் 76 மாறும், தேதியும் நகரும் என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

படி 6: பாயின்ட்டை டார்கெட் ஆக்கினால் என்ன ஆகும் என்று முன்பே சொல்லுங்கள்

"அடுத்த ஸ்பிரிண்ட்டுக்கு 25 டார்கெட் வெச்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டார். லைனில் அது வேலை செய்யும், ஏனென்றால் பீஸை எண்ணிப் பார்க்கலாம், சாமை டெய்லர் மாற்ற முடியாது. இங்கே அளவுகோலும் எங்கள் கையில்தான் இருக்கிறது. 25 வேண்டும் என்றால் நேற்று 3 என்றதை இன்று 5 என்போம். யாரும் திட்டமிட்டு ஏமாற்ற மாட்டார்கள், அழுத்தத்தில் எண் தானே ஊதும். ஊதுகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஆறு மாதம் முன்பு 2 போட்ட வேலையையும் அதே அளவான இன்றைய வேலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாயின்ட் ஏறியும் ஆப்பில் புதிதாக எதுவும் தெரியவில்லை என்றாலும் அதே கதைதான். இரண்டு குழுவின் பாயின்ட்டை ஒப்பிடுவதும் இதே காரணத்தால் பொருந்தாது.

இந்தக் குழப்பம் எங்கள் ஆபீஸில் தொடங்கியது இல்லை. 1990களில் கிரைஸ்லர் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளைச் செய்த குழுவில் இருந்தவர் ரான் ஜெஃப்ரீஸ். தடங்கலே இல்லாத நாள் என்று ஒரு கற்பனை நாளில்தான் அவர்கள் முதலில் வேலையை மதிப்பிட்டார்கள். உண்மையில் அதைப்போல மூன்று மடங்கு நாள் ஆனது. ஒரு நாள் வேலைக்கு ஏன் மூன்று நாள் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, நாள் என்ற சொல்லையே விட்டுவிட்டுப் பாயின்ட் என்று மாற்றியதாக அவர் எழுதியிருக்கிறார். பின்னாளில் அது திரிந்துபோனதைப் பார்த்து, இதைக் கண்டுபிடித்தது நானாக இருந்தால் வருந்துகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். ஸ்பிரிண்ட் வைத்து வேலை செய்யும் ஸ்க்ரம் என்ற முறையின் கையேடான ஸ்க்ரம் கைடின் 2020 பதிப்பிலும் ஸ்டோரி பாயின்ட் என்ற சொல்லே கிடையாது. ஸ்பிரிண்ட் திட்டமிடல்தான் ஸ்க்ரமின் பகுதி. பாயின்ட் குழுக்கள் விரும்பிச் சேர்த்துக்கொண்ட கருவி. இதை மேலாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

படி 7: கடைசி நாள்

பொங்கல் ஸ்பிரிண்ட் முடிந்த அன்று 5 முடிந்திருந்தது, 1 முடிந்திருந்தது. 8 பாயின்ட் வேலையில் குறியீடு எழுதியாயிற்று, டெஸ்டிங் பாக்கி. "முக்கால்வாசி முடிஞ்சுதே, 6 போட்டுக்கலாமில்ல?" என்று ஒரு டெவலப்பர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மேலாளர் சொன்னார்: "பட்டன் வெக்காத போலோவைப் பெட்டில போடுவியாப்பா?" அந்த ஸ்பிரிண்ட்டுக்கு 6 என்று மட்டும் எழுதினோம். 8 பாயின்ட் வேலை அப்படியே அடுத்த பட்டியலின் தலைக்குப் போனது, எண் குறைக்காமல். பத்து வாரம் என்று மேலே சொன்ன தேதியை அன்றைக்கே எடுத்து, மீதி 70 பாயின்ட்டுக்குப் புதிதாகக் கணக்குப் போட உட்கார்ந்தோம்.