துபாய் கிளம்பும் நம்ம கடற்கரைத் தம்பிகளுக்கு: மசாலா பிரட்டி வைத்த கோழி விஷயம்

விடுமுறையில் கீழக்கரையில் இருக்கிறேன். தெருவில் இந்த மாதம் மட்டும் நாலைந்து தம்பிகள் துபாய் கிளம்புகிறார்கள், வீட்டுக்கு வந்து கேட்கிற கேள்வியெல்லாம் சிம் கார்டு, ரூம் வாடகை, சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பதுதான். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெடிக்கல் டெஸ்ட், எமிரேட்ஸ் ஐடிக்குக் கைரேகை, இன்ஷூரன்ஸ் கார்டு, வங்கிக் கணக்கு, இதெல்லாம் கம்பெனி ஆள் கூட்டிப்போய் முடித்துக் கொடுப்பார், நீங்கள் பாஸ்போர்ட் நகலும் போட்டோவும் கையில் வைத்திருந்தால் போதும். ஒப்பந்தத்தில் ‘புரொபேஷன்’ எத்தனை மாதம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், சட்டப்படி ஆறு மாதத்துக்கு மேல் போடக்கூடாது. அந்தக் காலத்தில் உடம்புக்கு முடியாமல் படுத்தால் சம்பளத்தோடு லீவு கிடையாது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

நான் சொல்ல வந்தது ரூமில் இருக்கிற ஃப்ரிட்ஜ் பற்றி. ஊரில் நமக்குக் கோழி என்றால் காலையில் கறிக்கடையில் கண் முன்னால் உரித்து வெட்டி வாங்கி வந்து மத்தியானம் சோற்றோடு முடிகிற விஷயம். மிச்சம் இருந்தால் அது வெந்த கறி, ராத்திரி சூடு பண்ணினால் தீர்ந்தது. பச்சைக் கறியை நாள்கணக்கில் வைக்கிற பழக்கமே நம் வீடுகளில் இல்லை, கரண்ட் போகிற ஊரில் யாருக்கும் அந்தத் தைரியமும் வராது. துபாயில் அப்படி இல்லை. வார லீவில் மொத்தமாக வாங்கி, வேலை முடிந்து வந்து சமைக்கிற அலுப்புக்குப் பயந்து, எல்லாவற்றையும் ஒரே தடவையில் மசாலா பிரட்டி உள்ளே தள்ளிவிட்டு வாரம் முழுக்க எடுத்து எடுத்துப் பொரிக்கிறார்கள். கேட்டால், ‘மிளகாய், எலுமிச்சை, தயிர், உப்பு எல்லாம் போட்டிருக்கு காக்கா, கெடாது, ஊற ஊற ருசிதான்’ என்று பதில்.

எங்கள் ரூமுக்குத் தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி புதிதாக வந்தார். நல்ல பையன், சமைக்கவும் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி இரண்டு கிலோ கோழி வாங்கினார், பாதியை அன்றே குழம்பு வைத்தார். மீதி ஒரு கிலோவுக்கு ஒரு கப் தயிர், இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, மிளகாய்த்தூள் தாராளமாக, இஞ்சி பூண்டு, மேசைக்கரண்டி அளவு உப்பு, எல்லாம் போட்டுப் பிரட்டி, எவர்சில்வர் சட்டியில் தட்டு மூடி ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் வைத்தார். எடுத்தது புதன்கிழமை ராத்திரி. முகர்ந்து பார்த்தார், மசாலா மணம் தூக்கலாக இருந்ததாம். பெரிய பெரிய துண்டு, தீயைக் கூட்டி வைத்துப் பொரித்ததில் மேலே கருகி எலும்போரம் வேகாமல் இருந்தது. மூன்று பேர் சாப்பிட்டார்கள். வியாழன் ராத்திரி ஆரம்பித்தது வயிற்றுப்போக்கும் காய்ச்சலும்.

இதில் எங்களைக் குழப்பியது நான்காவது ஆள். அவருக்கு நைட் டியூட்டி, கோழியைத் தொடவே இல்லை, தயிர்சோறும் நறுக்கின வெள்ளரிக்காயும் சாப்பிட்டுவிட்டுப் போனவர், அவரும் படுத்துவிட்டார். சட்டியை வைத்திருந்த இடத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நாலைந்து நாளில் கறி தண்ணீர் விட்டு, சட்டி விளிம்பு வழியாக வழிந்து, கீழ்த்தட்டில் காய்கறிக் கூடைக்குள் சிவப்பாக இறங்கியிருந்தது. வெள்ளரிக்காயை அவர் சும்மா தண்ணீரில் காட்டி நறுக்கியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் மலப் பரிசோதனையில் சால்மோனெல்லா என்கிற கிருமி என்று வந்தது.

இப்போது அந்த ‘கெடாது’ என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், நம் கடற்கரையிலிருந்துதான் வருகிறது. மண்டபத்திலும் பாம்பனிலும் கருவாடு காய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உப்புப் போட்டால் மாதக்கணக்கில் நிற்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் கருவாட்டுக்கு மூன்று நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ அளவுக்கு உப்புப் போடுகிறோம், அதற்கு மேல் வெயிலில் போட்டு மீனில் இருக்கிற தண்ணீரையே எடுத்துவிடுகிறோம். கிருமி வளரத் தண்ணீர் இல்லை, அதனால்தான் நிற்கிறது. தம்பி போட்டது ஒரு கிலோவுக்கு ஒரு கரண்டி, அதுவும் தயிரில் நனைந்த பச்சைக் கறி. அந்த உப்பு ருசிக்கு மட்டும்தான் காணும். வீட்டில் புளி ஊற்றின மீன் குழம்பு மறுநாளும் நன்றாக இருக்கிறதே என்று ஒருத்தர் சண்டைக்கு வந்தார். அது கொதித்து இறங்கிய குழம்பு, இது பச்சைக் கோழி.

புளிப்பும் அப்படித்தான். எலுமிச்சையும் தயிரும் கிருமி வளர்வதை மட்டுப்படுத்தும், கொல்லும் என்று நம்பக்கூடாது. மேலே பட்ட புளிப்பு சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே இறங்காது, இறங்கியதையும் கறி தன் பங்குக்குத் தணித்துவிடும். தோல் மடிப்பிலும் எலும்புச் சந்திலும் இருப்பவை பத்திரமாகவே இருக்கும். எலுமிச்சை பட்ட இடம் வெளுத்து, வெந்த மாதிரி தெரியும். அது வேகவில்லை, நிறம் மட்டும்தான் மாறியிருக்கிறது. நாள் கூடினால் ருசி கூடும் என்பதும் பொய், இரண்டாம் நாளுக்கு மேல் புளிப்பு கறியின் மேல்பாகத்தைக் கொழகொழவென்று ஆக்கிவிடும், பொரித்தால் மாவு மாதிரி உதிரும். இஞ்சியும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம்.

மிளகாய்த்தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றுவதே அதுதான். சமையலுக்குப் போடுகிற அளவு மிளகாய் கோழியைக் காப்பாற்றாது, கெட்ட வாடையை மறைக்கும், அவ்வளவுதான். வெறும் கோழி கெட்டால் வாடையும் வழுவழுப்பும் காட்டிக்கொடுக்கும். தயிரும் பூண்டும் மசாலாவும் பூசிவிட்டால் அந்த இரண்டும் தெரியாது. அதோடு, வாடை வரவைக்கிற கிருமி வேறு, ஆளைப் படுக்கவைக்கிற கிருமி வேறு. சால்மோனெல்லா இருக்கிற கறி ரோஜாப்பூ மாதிரி மணந்தாலும் மணக்கும். அதனால் முகர்ந்து பார்த்து முடிவு எடுக்காதீர்கள். மூடி உப்பியிருந்தாலோ, குமிழ் விட்டிருந்தாலோ தூக்கிப் போட வேண்டியதுதான், ஆனால் அப்படி எதுவும் இல்லை என்பதால் நல்ல கறி என்று ஆகிவிடாது. நம்பக்கூடியது தேதி ஒன்றுதான். டப்பாவில் ஒரு டேப் ஒட்டி, பிரட்டிய நாளை எழுதுங்கள்.

எத்தனை நாள் என்று கேட்டால், பச்சைக் கோழிக்கு ஃப்ரிட்ஜில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், மசாலா போட்டிருந்தாலும் அதே இரண்டு நாள்தான். பாக்கெட்டில் அச்சடித்த தேதி அதற்கு முன்னால் இருந்தால் அதுதான் கணக்கு. இந்த இரண்டு நாளும் ஃப்ரிட்ஜ் 4, 5 டிகிரிக்குள் இருந்தால் மட்டும். பேச்சிலர் ரூம் ஃப்ரிட்ஜ் அப்படி இருக்காது, ஆளுக்கொரு ஷிஃப்ட், நாள் முழுக்கக் கதவு திறந்து மூடிக்கொண்டே இருக்கும், பிதுங்கப் பிதுங்கச் சாமான் வேறு. உள்ளே இருக்கிற திருகில் 1, 2, 3 என்று போட்டிருப்பது டிகிரி இல்லை. பெரும்பாலும் எண் கூடினால் குளிர் கூடும். ஃப்ரிட்ஜுக்கான சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். நாங்கள் அந்தக் கூத்துக்குப் பிறகு பார்த்தபோது 9 டிகிரிக்கு மேல் காட்டியது. அந்தக் குளிரில் சால்மோனெல்லா மெதுவாகவாவது பெருகும். வெள்ளி முதல் புதன் வரை அதற்கு நல்ல அவகாசம் கிடைத்திருக்கிறது.

‘நன்றாக வேகவைத்தால் எல்லாம் செத்துப்போகுமே’ என்பார்கள். சரிதான், துண்டின் நடுவில் 74 டிகிரி வந்துவிட்டால் சால்மோனெல்லா நிற்காது. ஆனால் வெள்ளரிக்காயை யார் வேகவைத்தார்கள்? சில கிருமிகள் விட்டுவைக்கிற நஞ்சு கொதித்தாலும் போகாது, பிரட்டின சட்டியை மேடையிலேயே மணிக்கணக்கில் மறந்துவிட்டால் அந்த ஆபத்து வேறு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பொரிக்கும்போது துண்டைச் சிறிதாக்கி, ஆழமாகக் கீறி, மிதமான தீயில் விடுங்கள். தயிரும் மிளகாயும் சீக்கிரம் கருகும், மேல் நிறத்தைப் பார்த்து இறக்கினால் உள்ளே பச்சையாகத்தான் இருக்கும். சட்டியில் மிஞ்சின மசாலாவைக் கிரேவிக்கு ஊற்றுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. கொட்டிவிடுங்கள்.

வாரத்துக்கு ஒரு தடவைதான் வாங்க முடியும் என்றால், வழி ஃப்ரீசர். எங்கள் ரூமில் இப்போது இப்படித்தான். வாங்கின அன்றே மூன்றாகப் பிரிப்பது, ஒரு பங்கு அன்றைக்கு, ஒரு பங்கு இறுக்கமாக மூடின டப்பாவில் கீழ்த்தட்டில் மறுநாளைக்கு, மீதியெல்லாம் உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு மட்டும் பிரட்டி, பையில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசருக்கு. எலுமிச்சையும் தயிரும் அப்போது போடுவதில்லை. சமைப்பதற்கு முந்தின ராத்திரி பையை ஒரு தட்டில் வைத்துக் கீழ்த்தட்டுக்கு இறக்கினால் மறுநாள் வேலை விட்டு வரும்போது இளகியிருக்கும், வந்ததும் புளிப்புச் சேர்த்து ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜிலேயே ஊறினால் போதும். ருசியில் ஒரு குறையும் இல்லை, கறி உதிராமல் இருப்பதால் முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. சமையலறை மேடையில் வைத்து இளக்காதீர்கள், துபாய்ச் சூட்டில் அது வேறு கதை.

தம்பிக்கு அப்போது புரொபேஷன். டாக்டர் சீட்டு கொடுத்தும் படுத்த நாளுக்குச் சம்பளம் பிடித்தார்கள். கோழி எத்தனை திர்ஹம், இழந்தது எத்தனை என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார், வீட்டில் வாப்பாவுக்குப் பணம் அனுப்புகிற மாதம் அது, எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது. இப்படி வயிறு போனால் முதல் வேலை ஓஆர்எஸ் பொட்டலத்தைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது. மலத்தில் ரத்தம், இறங்காத காய்ச்சல், குடித்த தண்ணீரும் நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று வந்தாலும் இன்ஷூரன்ஸ் கார்டை எடுத்துக்கொண்டு அன்றே கிளினிக் போங்கள், லீவு போகுமே என்று ரூமில் படுத்துக் கிடக்காதீர்கள். போக்கை நிறுத்துகிற மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம், ரத்தமும் காய்ச்சலும் இருக்கும்போது அது கெடுதல். கம்பெனிக்கு அன்றே தகவல் சொல்லிவிட்டு டாக்டர் சீட்டை வாங்கி வையுங்கள்.

ஊரிலிருந்து மசாலாத்தூள் கொண்டுபோகிறவர்கள் தாராளமாகக் கொண்டுபோங்கள், கருவாடு என்றால் இரண்டு மூன்று பை போட்டுக் கட்டுங்கள், இல்லையென்றால் சட்டையெல்லாம் மணக்கும்.