வெட்ட முதல் தோளில் போட்டுப் பாருங்கள்: பூவின் அளவும் கோட்டின் போக்கும்

போன மாதம் என் மச்சாள் யாழ்ப்பாணம் நவீன சந்தையில் பஞ்சாபி தைக்க இரண்டரை மீற்றர் பருத்தித் துணி வாங்கி வந்தா. வெள்ளை நிலத்தில் கருநீலப் பூ. நல்ல துணிதான், ஆனால் ஒரு பூ 7 அங்குலம். அவவின் தோள் அகலமே 13 அங்குலம். தோளில் விரித்துப் பார்த்தால் நெஞ்சில் ஒரு முழுப் பூவும் அரைப் பூவும்தான் நிற்கின்றன. கண்ணாடியில் பூ தெரிந்ததே தவிர ஆள் தெரியவில்லை.

பூ உடம்புக்குப் பொருந்துமா என்று அறிய, முதலில் உங்கள் எலும்புக் கட்டு சிறியதா பெரியதா என்று பாருங்கள். பெருவிரலாலும் நடுவிரலாலும் மற்றக் கை மணிக்கட்டைச் சுற்றிப் பிடியுங்கள். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சிறிய கட்டு, தொட்டுக்கொண்டால் நடுத்தரம், இடைவெளி விட்டால் பெரிய கட்டு. இது ஒரு கைக்கணக்குத்தான், ஆனாலும் தொடங்குபவர்களுக்குப் போதும்.

அடுத்து, கையைப் பொத்தித் துணியின் மிகப் பெரிய பூவின் மேல் வையுங்கள். சிறிய கட்டு என்றால் பூ முட்டிக்குள் மறைய வேண்டும். பெரிய கட்டுக்கு விரித்த உள்ளங்கை அளவுப் பூ எடுபடும். பெரிய உடம்பில் கடுகு போலப் பொடிப்பூப் போட்டால், அந்தச் சின்னப் பூவுக்குப் பக்கத்தில் உடம்பு இன்னும் பெரிதாகத் தெரியும். மெலிந்து காட்டும் என்று நம்பிப் பலர் அதைத்தான் எடுக்கிறார்கள்.

இனிக் கோடு. நெடுங்கோடு எல்லாம் மெலிவாகக் காட்டாது. கால் அங்குல இடைவெளியில் நெருங்கிய மெல்லிய கோடுகளில் கண் மேலிருந்து கீழே ஓடும். 2 அங்குலப் பட்டைகள் தள்ளித் தள்ளி நின்றால், கண் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குப் பக்கவாட்டில் தாவும், உடம்பு அகலமாகத் தெரியும். கிடைக்கோட்டுக்கும் அவ்வளவு பயப்பட வேண்டாம். கிடைக்கோடுகள் நிரப்பிய சதுரம் உயரமாகத் தெரியும் என்று ஜேர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867இலேயே எழுதினார். பார்க்க வேண்டியது, தடித்த பட்டை எங்கே விழுகிறது என்பதை. இடுப்பின் அகலமான இடத்தில் அது விழுந்தால் பார்வை அங்கேயே நிற்கும். சட்டை இறுக்கமானால் நெடுங்கோடு மார்பில் வளைந்து, மறைக்க நினைத்ததையே காட்டிக் கொடுக்கும். அதனால் கோட்டுத் துணிக்குக் கொஞ்சம் தளர்வு விட்டுத் தையுங்கள்.

கடைசியாக, துணியை உடம்பில் ஊசி குத்தி நிறுத்தி, 8 அடி தள்ளி நின்று ஒருவரை ஃபோனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் எது முதலில் கண்ணை இழுக்கிறது என்று உடனே தெரியும். மச்சாளின் படத்தில் வயிற்றில் இருந்த ஒற்றைப் பூதான் இழுத்தது.

அந்தத் துணியை நாங்கள் மேல்சட்டைக்கு வெட்டவில்லை. அகலத்தைக் கொஞ்சம் குறைத்து, ஓரம் அடித்துச் சால்வையாக்கினோம். மடித்துத் தோளில் போட்டதும் பூக்கள் துண்டு துண்டாகி முட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டன. மேல்சட்டைக்கு அதே கருநீலத்தில் பூவில்லாத துணி எடுத்தோம்.