தடைக்காலமும் திருட்டு வழக்கும்: தொடர்பைக் காரணம் என்று எழுதுவதற்கு முன்

இராமநாதபுரம் கடற்கரையில் ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த வாரங்களில் திருட்டு வழக்குகள் கூடியதாக ஓர் அட்டவணை காட்டினால், வேலையின்மைதான் காரணம் என்று எழுதிவிடக் கை பரபரக்கும். அந்த ஒரு வரி மண்டபம், பாம்பன் மீனவர்கள் அனைவர் மீதும் பழி சுமத்தும் என்பதால், கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்த்த பிறகே அதை எழுத வேண்டும்.

முதற்படி, வழக்குப் பதிவான தேதியை விட்டுவிட்டுத் திருட்டு நடந்த தேதியை எடுத்துக்கொள்வது. மே மாதம் வெளியூர் போன குடும்பம் ஜூனில் திரும்பிப் பூட்டு உடைந்திருப்பதைக் கண்டு புகார் கொடுத்தால், மே மாதத் திருட்டு ஜூன் கணக்கில் ஏறிவிடும். நடந்த நாள் உறுதியாகத் தெரியாத வழக்குகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி, அதே மாதங்களில் வேறு என்ன மாறுகிறது என்று கேட்பது. தடைக்காலத்தின் பெரும்பகுதி கோடை விடுமுறையோடு ஒன்றி வருகிறது. வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, இராமேசுவரத்தில் வெளியூர்க் கூட்டம் பெருகுகிறது. படகு நின்றதற்கும் திருட்டு கூடியதற்கும் இடையே எந்த உறவும் இல்லாமலே, விடுமுறை இரண்டையும் ஒன்றாகக் காட்டிவிடக்கூடும். இதுவே போலித் தொடர்பு.

மூன்றாம் படிதான் முக்கியமானது. முன்பு தடை 45 நாள்தான். மே 29 அன்று முடிந்துவிடும். ஆகவே ஜூன் 1 முதல் 14 வரையிலான நாள்களில் அன்று படகுகள் கடலில் இருந்தன, இன்று கரையில் நிற்கின்றன. அந்த இரு வாரங்களை மட்டும், தடை நீட்டிக்கப்படுவதற்கு முன்னும் பின்னும், கடலோரக் காவல் நிலையங்களிலும் பரமக்குடி போன்ற உள்நாட்டுக் காவல் நிலையங்களிலும் ஒப்பிடுங்கள். விளக்கத்துக்காகச் சில கற்பனை எண்கள்: கடலோரத்தில் 20 வழக்குகள் 26 ஆயின, உள்நாட்டில் 15 என்பது 20 ஆயிற்று. கடலோர உயர்வு 6 என்றாலும், படகே இல்லாத ஊரிலும் 5 உயர்ந்திருப்பதால், தடையின் கணக்கில் வைக்க மிஞ்சுவது 1. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் நான்கைந்து வழக்குகள் தற்செயலாகவே ஏறி இறங்கும் என்பதால், அந்த ஒன்றுக்குப் பொருள் இல்லை.

அதற்காக, தடைக்கு விளைவே இல்லை என்று எழுதுவதும் தவறு. வேலையின்மை திருடும் தூண்டுதலைக் கூட்டலாம். ஆனால் ஆட்கள் வீட்டிலும் தெருவிலும் இருப்பதால் திருடும் வாய்ப்பைக் குறைக்கவும் செய்யலாம் என்று கேன்டர், லேண்ட் என்ற சமூகவியலாளர்கள் இருவர் 1985-லேயே வாதிட்டனர். பகல் முழுதும் ஆண்கள் வலை பின்னிக்கொண்டு அமர்ந்திருக்கும் தெருவில் யார் துணிந்து பூட்டை உடைப்பார்? இரு விசைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து பூச்சியமாகத் தெரியக்கூடும். இதனை ஓரளவு பிரித்தறிய, பகல் வீட்டுத் திருட்டையும் வீட்டுக்கு வெளியே நடக்கும் திருட்டையும் தனித்தனியே எண்ண வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு முடிவை இப்படி எழுதலாம்: “தடை நீண்ட இரு வாரங்களில் கடலோரத் திருட்டு, உள்நாட்டை விடக் குறிப்பிடத்தக்க அளவு கூடியதாகத் தெரியவில்லை, ஆயினும் இத்தரவு புகாராக வந்த திருட்டுகளை மட்டுமே காட்டுகிறது, திருடியவர் யார் என்பதைக் காட்டவில்லை.”