செடி வளர்ப்புச் சோதனை ரிப்போர்ட்டில் மாறிகளைப் பிரிப்பது எப்படி (நான் குழம்பிய இடத்தோடு சேர்த்து)

அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு. அறிவியல் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று என்னிடம் கொண்டு வந்தாள். "கட்டுப்பாட்டுக் குழு" என்ற தலைப்பின் கீழே "மண், தண்ணீர், வெளிச்சம்" என்று எழுதியிருந்தாள். "இதுல என்ன தப்பு அத்தை?" என்று கேட்டபோது உடனே பதில் சொல்ல எனக்கே வரவில்லை என்பதுதான் உண்மை. அன்று ராத்திரி உட்கார்ந்து பிரித்த முறையை இங்கே எழுதுகிறேன்.

அவள் ரிப்போர்ட்டின் செய்முறைப் பகுதி இதுதான். இதை வைத்தே எல்லாவற்றையும் பார்ப்போம்:

"12 காகிதக் கோப்பைகளில் ஒரே தோட்டத்து மண்ணை 200 கிராம் வீதம் நிரப்பி, ஒவ்வொன்றிலும் 3 பச்சைப்பயறு விதைத்தோம். எல்லாக் கோப்பைகளையும் ஜன்னல் ஓரம் வைத்து தினமும் காலையில் 30 மி.லி. தண்ணீர் ஊற்றினோம். 1, 2, 3 எண் கோப்பைகளுக்கு யூரியா இல்லை. 4 முதல் 6 வரை லிட்டருக்கு அரை கிராம், 7 முதல் 9 வரை 1 கிராம், 10 முதல் 12 வரை 2 கிராம் யூரியா கரைத்த நீரை வாரம் ஒரு முறை 30 மி.லி. கூடுதலாக ஊற்றினோம். 14 நாள் வளர்ச்சியைக் கவனித்தோம்."

ஒரு பென்சிலும் இரண்டு கலர் பேனாவும் போதும். போனில் மார்க் பண்ணுவதைவிட ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்துக் கோடு போடுவது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் எந்த வரியில் கோடே விழவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும், அந்த வரியில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கும்.

முதலில் சாரா மாறி. சோதனை செய்தவர் வேண்டுமென்றே கோப்பைக்குக் கோப்பை மாற்றியது எது என்று தேடுங்கள். இங்கே கரைசலில் இருக்கும் யூரியாவின் அளவு: 0, அரை, 1, 2 கிராம். "யூரியா" என்று மட்டும் எழுதாமல் "லிட்டருக்கு எத்தனை கிராம் யூரியா" என்று எழுதுங்கள். அவ்வளவுதான், இதில் யாரும் பெரிதாகத் தடுக்கி விழுவதில்லை.

அப்புறம் சார்ந்த மாறி. இதைக் கண்டுபிடிக்க செய்முறையைப் படிக்காதீர்கள், நேராக அட்டவணைக்குப் போங்கள். அங்கே என்ன எண்களை நிரப்பியிருக்கிறார்களோ அதுதான். இவள் "வளர்ச்சி" என்று எழுதியிருந்தாள், ஆனால் வளர்ச்சியை எந்த ஸ்கேலாலும் அளக்க முடியாது. அட்டவணையில் இருந்தது செ.மீ.யில் உயரம். மண் மட்டத்திலிருந்து தண்டு நுனி வரையா, நிமிர்த்திப் பிடித்த இலையின் நுனி வரையா என்பதையும் எழுத வேண்டும், இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் வரும். பள்ளி பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும் இல்லையா, அதை மண்ணில் நிறுத்தி அளந்தால் ஒவ்வொரு அளவிலும் சில மில்லிமீட்டர் குறையும். பூஜ்யம் விளிம்பிலேயே தொடங்கும் ஸ்டீல் ஸ்கேல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம். கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள், கட்டுப்பாட்டுக் குழு. இரண்டிலும் "கட்டுப்பாடு" இருப்பதால் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். நான் பிடித்துக்கொண்ட வழி இது: விடையைக் கோப்பை எண்ணாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது குழு. "1, 2, 3 எண் கோப்பைகள், மொத்தம் 9 செடி" என்று சொல்ல முடிகிறது, ஆகவே யூரியா கொடுக்காத அந்த மூன்றும்தான் கட்டுப்பாட்டுக் குழு. மண்ணுக்கு அப்படி எண் சொல்ல முடியாது, அது 12 கோப்பையிலும் இருக்கிறது. 12 கோப்பைக்கும் ஒரே மாதிரி வைத்த மண்ணின் வகை, 200 கிராம் எடை, விதையின் எண்ணிக்கை, வைத்த இடம் எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்.

கட்டுப்பாட்டுக் குழு என்றால் எதுவுமே கொடுக்காமல் விடுவது என்று அவள் தோழி ஒருத்தி தண்ணீரையும் நிறுத்தி, செடி காய்ந்துபோய், "யூரியா நன்றாக வேலை செய்கிறது" என்று முடிவெழுதிவிட்டாளாம். பாவம். அந்தக் குழுவில் சாரா மாறி மட்டும்தான் பூஜ்யம், மற்றதெல்லாம் அடுத்த கோப்பைக்குக் கிடைப்பது போலவே கிடைக்க வேண்டும்.

இப்போது ரிப்போர்ட்டில் "கூடுதலாக" என்ற சொல்லுக்குத் திரும்பிப் போங்கள். நான் மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. 4 முதல் 12 வரையான கோப்பைகளுக்கு வாரம் ஒரு நாள் 60 மி.லி. போகிறது, முதல் மூன்றுக்கு அன்றும் 30 மி.லி.தான். அதாவது யூரியாவோடு சேர்ந்து தண்ணீரும் மாறிவிட்டது. செடி உயர்ந்தால் காரணம் யூரியாவா, அந்த 30 மி.லி.யா? சொல்ல முடியாது. ஆகவே "தண்ணீர்" என்பதைக் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகளின் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அவள் சேர்த்திருந்தாள், ஆசிரியரும் அதைச் சுழிக்கவில்லை! திருத்தம் சுலபம்: கரைசல் ஊற்றும் நாளில் முதல் மூன்று கோப்பைகளுக்கும் 30 மி.லி. வெறும் தண்ணீர் கூடுதலாக ஊற்ற வேண்டும். சோதனை ஏற்கெனவே முடிந்துவிட்டதென்றால் குறைபாடு என்று ஒரு வரி நேர்மையாக எழுதிவிடுங்கள், எண்ணை மாற்றாதீர்கள்.

கட்டுப்படுத்தப்பட்ட மாறிகளின் பட்டியலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது? "இது கோப்பைக்குக் கோப்பை வேறாக இருந்தால் உயரம் மாறுமா?" என்று கேளுங்கள். கோப்பையில் அச்சடித்த படம் மாறினால் ஒன்றும் ஆகாது, விடுங்கள். அடியில் ஓட்டை இருப்பதும் இல்லாததும் கண்டிப்பாக மாற்றும், ஓட்டை இல்லாததில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். இவள் ரிப்போர்ட்டில் ஓட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை. கேட்டால், "சிலதுல போட்டேன், சிலதுல மறந்துட்டேன்" என்கிறாள்.

பின்சேர்க்கை 1: "வரைபடத்தில் கிடை அச்சில் நாள் இருக்கிறதே, அப்படியானால் நாள்தானே சாரா மாறி?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நாளோடு உயரம் எப்படிக் கூடுகிறது என்று மட்டும் பார்க்கும் சோதனையில் ஆமாம். இங்கே கேள்வி யூரியாவைப் பற்றியது, நாள் என்பது எப்போது அளந்தோம் என்பதைத்தான் சொல்கிறது. குழப்பம் வேண்டாமென்றால் 14ஆம் நாள் உயரத்தை மட்டும் எடுத்து, கிடை அச்சில் யூரியா அளவை வைத்துப் பட்டை வரைபடம் போடுங்கள். முதல் வாரத்தில் நான்கு குழுவும் ஒரே உயரமாக இருந்தாலும் பதற வேண்டாம், பச்சைப்பயறு ஆரம்பத்தில் தன் விதையிலை சேமிப்பில்தான் வளர்கிறது.

பின்சேர்க்கை 2: வெளிச்சம், இருட்டு என்று சோதனை செய்தவர் ஒருவர், கட்டுப்பாட்டுக் குழு எது என்று கேட்டார். வழக்கமான நிலையில் வளர்ந்தது, அதாவது வெளிச்சத்தில் இருந்தது. ஆனால் உங்கள் சார்ந்த மாறி உயரம் என்றால் ஜாக்கிரதை, இருட்டில் வைத்த பயறு வெளிச்சத்தைத் தேடி வெளிறிப்போய் இன்னும் நெட்டையாக வளரும், அட்டவணையைப் பார்த்தால் இருட்டுதான் நல்லது என்று தோன்றும். உயரத்தோடு இலையின் நிறத்தையோ உலர்த்திய செடியின் எடையையோ இரண்டாவது சார்ந்த மாறியாக வைத்துக்கொள்ளுங்கள்.