நெட் இல்லாமல் கூகுள் டாக்ஸ்

ரயிலில் கூகுள் டாக்ஸில் எழுதப் போகிறீர்களா? வீட்டில் வைஃபை இருக்கும்போதே குரோமில் கூகுள் டிரைவ் செட்டிங்ஸுக்குப் போய் Offline-ஐ டிக் செய்துவிடுங்கள். அப்புறம் வேண்டிய ஃபைலை ரைட் கிளிக் செய்து அதையும் ஆஃப்லைனுக்கு எடுத்து வையுங்கள்.

நெட் இல்லாதபோது எழுதுவது அந்தக் கணினியின் பிரவுசருக்குள்ளேயே இருக்கும். நெட் வந்ததும் தானாக மேலே ஏறிவிடும். இடையில் வேறொருவர் அதே ஃபைலில் எழுதியிருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். இருவரும் ஒரே வாக்கியத்தில் கை வைத்திருந்தால் மட்டும் வார்த்தைகள் குழம்பிக் கிடக்கலாம், அந்த இடத்தைப் படித்துப் பாருங்கள்.

மேலே ஏறும் முன் பிரவுசரின் குக்கீஸ், சைட் டேட்டாவை அழித்தால் எழுதியது போச்சு. இன்காக்னிட்டோவில் இது வேலை செய்யாது. பிரவுசிங் சென்டரில் செய்யவே வேண்டாம். ஃபைலின் நகல் அங்கேயே தங்கிவிடும்.